வலது அரைத்தளத்தில் போல் இருக்கும்போது நைக்விஸ்ட் சுற்றுகளை எண்ணுவது: காந்த மிதவையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

"−1 புள்ளியை வளைவு சுற்றாமல் இருந்தால் அமைப்பு நிலையானது." கட்டுப்பாட்டியல் பாடத்தில் பலருக்கும் நினைவில் நிற்பது இந்த ஒரு வரிதான். திறந்த லூப் தானாகவே நிலையாக இருக்கும் இடங்களில் இது சரி. ஹாரி நைக்விஸ்ட் 1932இல் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் தன் விதியை வெளியிட்டபோது அவர் முன் இருந்தவை தொலைபேசிப் பெருக்கிகள். திறந்த லூப்பின் போல் ஒன்று வலது அரைத்தளத்தில் இருந்தால் கதை மாறுகிறது. அங்கே வளைவு −1ஐச் சுற்றியே ஆக வேண்டும். சரியான திசையில், சரியான எண்ணிக்கையில். சுற்றாத வளைவுதான் ஆபத்தானது.

இதைக் கையால் வரைந்து எண்ணும் முறையைக் காந்த மிதவை என்ற ஒரே எடுத்துக்காட்டில் முழுமையாகப் பார்க்கலாம்: மேலே ஒரு மின்காந்தம், கீழே அந்தரத்தில் நிற்கும் இரும்புப் பந்து.

## முதலில் விதி, குறிகளோடு

L(s) என்பது திறந்த லூப்பின் மொத்தச் சார்பு. 1 + L(s) என்ற சார்பின் போல்கள் திறந்த லூப்பின் போல்களேதான். அதன் ஜீரோக்கள் மூடிய லூப்பின் போல்கள். கற்பனை அச்சில் கீழிருந்து மேலே ஏறி, வலப்புறம் மிகப் பெரிய அரைவட்டமாகத் திரும்பி வந்தால், வலது அரைத்தளம் முழுவதையும் வலஞ்சுழியாக ஒரு முறை சுற்றியிருப்போம். அந்தப் பயணத்தில் உள்ளே அகப்பட்ட ஒவ்வொரு ஜீரோவும் 1 + Lஐ வலஞ்சுழியாக ஒரு முறை திருப்பும். ஒவ்வொரு போலும் இடஞ்சுழியாக ஒரு முறை திருப்பும். ஆகவே:

```
N = P - Z      Z = P - N
```

இங்கே N என்பது −1ஐ L வளைவு இடஞ்சுழியாகச் சுற்றும் நிகர எண்ணிக்கை. P திறந்த லூப்பின் வலது அரைத்தளப் போல்கள், Z மூடிய லூப்பின் வலது அரைத்தளப் போல்கள். Z = 0 ஆக N = P ஆக வேண்டும்.

சில நூல்கள் Nஐ வலஞ்சுழியாக எண்ணி Z = N + P என்று எழுதுகின்றன. இரண்டும் ஒன்றே. ஒரு நூலின் சமன்பாட்டையும் இன்னொரு நூலின் திசையையும் கலந்தால்தான் தவறு வரும். P = 0 ஆக இருக்கும்வரை அந்தக் கலப்படம் வெளியே தெரியாது, ஏனென்றால் தேவையான N பூஜ்யம்தான். P = 1 ஆன உடனே விடை தலைகீழாகிவிடும். எந்த மரபைப் பிடித்தாலும் தாளின் மேல் ஓரத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

## படி 1: Pஐ இயற்பியலிலிருந்து எடுங்கள்

மின்காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். பந்து x₀ இடைவெளியில் சமநிலையில் நிற்கும்போது, சிறு அசைவுகளுக்கு வரும் போல்கள் ±a; இதில் a² = 2g/x₀. இடைவெளி 12.3 மி.மீ. என்றால் 2 × 9.81 / 0.0123 ≈ 1595, அதாவது a ≈ 40 ரேடியன்/வினாடி. ஒரு போல் −40இல், இன்னொன்று +40இல். ஆகவே P = 1.

இந்த எண்ணை வளைவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கருவியில் அளந்து பெறும் அதிர்வெண் மறுமொழியிலும் அது எழுதியிருக்காது. நிலையற்ற அமைப்பைத் திறந்த லூப்பில் ஓட்டி அளக்கவும் வழியில்லை; பந்து விழுந்துவிடும். லூப்பை மூடிய நிலையிலேயே ஓரிடத்தில் சிறு சைன் அலையைச் செலுத்தி, அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சமிக்ஞைகளின் விகிதத்திலிருந்து L(jω)ஐ எடுப்பார்கள். அப்படி எடுத்தாலும் P மாதிரியிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: கட்டுப்படுத்தியில் s − 40 என்ற ஜீரோவை வைத்து நிலையற்ற போலை "அடித்துவிட்டு" P = 0 என்று எழுதக் கூடாது. காகிதத்தில் அந்தக் காரணி மறைந்துபோகும், வளைவும் அழகாக வரும். பந்தில் அந்தப் போல் அப்படியே இருக்கும். Pஐ எப்போதும் சுருக்குவதற்கு முன்பே எண்ணுங்கள்.

## படி 2: L(s)ஐ ஃபேஸ் எளிதாகத் தெரியும் வடிவில் எழுதுங்கள்

கட்டுப்படுத்தி பி.டி. வகை, அதன் ஜீரோ 50இல். வகையீட்டு வடிகட்டிக்கு 400இல் ஒரு போல், மின்னோட்டப் பெருக்கிக்கு 400இல் இன்னொரு போல்.

```
L(s) = K (1 + s/50) / [ (s²/1600 - 1) (1 + s/400)² ]
```

K லூப்பின் மொத்தக் கெயின். இப்படி எழுதினால் L(0) = −K என்பது பார்த்தவுடனே தெரிகிறது. s = jω இட்டால் முதல் அடைப்பு −(1 + ω²/1600) ஆகிறது. அது எல்லா அதிர்வெண்ணிலும் எதிர்மெய்யெண். ஃபேஸுக்கு அதன் பங்கு நிலையாக −180°. மீதி ஃபேஸ் முழுக்க நாம் சேர்த்த பகுதிகளிலிருந்து வருகிறது:

```
φ(ω) = -180° + atan(ω/50) - 2·atan(ω/400)
|L|  = K·√(1+ω²/2500) / [ (1+ω²/1600)(1+ω²/160000) ]
```

s − a போன்ற நிலையற்ற காரணி தனியாக நின்றால் கவனம் தேவை. அது பூஜ்ய அதிர்வெண்ணில் 180°இல் தொடங்கி 90°க்கு இறங்கும். கணிப்பானில் atan(−ω/a) என்று தட்டினால் 0° காட்டும். வளைவு முழுவதும் 180° திரும்பி, தவறான பக்கத்தில் போய் உட்காரும்.

குறியையும் இங்கேயே சரிபாருங்கள். மின்னோட்டம் கூடினால் இடைவெளி குறையும் என்பதால் அமைப்பிலேயே ஒரு எதிர்க்குறி இருக்கிறது. மேலே உள்ள K அதை ஈடுசெய்த பிறகு வரும் நேரெண். ஈடுசெய்ய மறந்தால் வளைவு +Kஇல் தொடங்கி −1 பக்கமே வராது: N = 0, Z = 1.

## படி 3: சில புள்ளிகள், ஒரு வளைவு

K = 4 என்று வைத்துக் கணக்கிட்டால்:

| ω | அளவு | ஃபேஸ் |
|---|---|---|
| 0 | 4.00 | −180° |
| 20 | 3.44 | −163.9° |
| 50 | 2.17 | −149.3° |
| 115 | 1.00 | −145.6° |
| 200 | 0.51 | −157.2° |
| 346.4 | 0.21 | −180° |
| 600 | 0.066 | −207.4° |

வளைவு −4இல் தொடங்குகிறது. ஃபேஸ் −180°ஐ விட மேலே ஏறுவதால் மெய்யச்சுக்குக் கீழே இறங்கி, −1க்கு அடியால் கடந்து, −0.21இல் அச்சை வெட்டி மேலே வந்து, கற்பனை அச்சின் நேர்ப்பக்கத்தை ஒட்டி ஆதிப்புள்ளியில் முடிகிறது. எதிர் அதிர்வெண் பாதி இதன் கண்ணாடி பிம்பம். அது −1க்கு மேலே செல்லும். பெரிய அரைவட்டத்தின் மேல் L பூஜ்யமாக இருப்பதால் அந்தப் பகுதி முழுவதும் ஆதிப்புள்ளியில் சுருங்கிவிடுகிறது. அம்புக்குறிகளை ω கூடும் திசையில் போடுங்கள். அம்புக்குறி இல்லாத படத்தில் Nஇன் அளவு தெரியும், குறி தெரியாது.

இரண்டாம் வெட்டுப்புள்ளியைத் துல்லியமாகப் பெற atan(ω/50) = 2 atan(ω/400) என்று வைத்து இருபுறமும் tan எடுத்தால் 1 − ω²/160000 = 0.25 வரும்; ω = 346.4. அங்கே அளவு K × 7 / (76 × 1.75) = K/19.

## படி 4: கதிர் போட்டு எண்ணுங்கள்

வளைவைக் கண்ணால் பின்தொடர்ந்து "சுற்றுகிறதா" என்று பார்ப்பது எளிய படங்களுக்குப் போதும். மடிப்புகள் வந்தால் ஏமாற்றும். −1இலிருந்து இடப்புறமாக மெய்யச்சு நெடுக ஒரு கதிர் போடுங்கள். முழு வளைவு அந்தக் கதிரை மேலிருந்து கீழாக வெட்டினால் +1, கீழிருந்து மேலாக வெட்டினால் −1. கூட்டுத்தொகையே N.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ω > 0இல் வரும் ஒவ்வொரு வெட்டுக்கும் எதிர் அதிர்வெண் பாதியில் அதே இடத்தில், அதே திசையில் ஒரு ஜோடி உண்டு. ஆகவே இரண்டாக எண்ண வேண்டும். ω = 0இல் வரும் வெட்டுக்கு ஜோடி கிடையாது; அது ஒன்றே. நம் அமைப்பின் தொடக்கப்புள்ளியே கதிரின் மேல் இருப்பதால், இதைத் தவறவிட்டால் N ஒன்று பிசகும்.

K = 4: −4இல் ω = 0 வெட்டு, மேலிருந்து கீழ், +1. −0.21 கதிரில் இல்லை. N = 1, Z = 1 − 1 = 0. நிலையானது.

K = 0.8: தொடக்கம் −0.8, கதிரை எதுவும் தொடவில்லை. N = 0, Z = 1. −1ஐச் சுற்றாத "நல்ல" வளைவு, நிலையற்ற லூப்.

K = 24: −24இல் +1. இரண்டாம் வெட்டு இப்போது −24/19 = −1.26இல், கதிரின் மேலேயே விழுகிறது. கீழிருந்து மேல், ஜோடியோடு −2. N = −1, Z = 1 + 1 = 2. ஒரு கலப்பெண் ஜோடி வலப்புறம் போய்விட்டது.

ஆகவே நிலையான வரம்பு 1 < K < 19. ரவுத் அட்டவணை போட்டாலும் இதே இரண்டு எல்லைகள்தான் வரும்.

## இரண்டு எல்லைகள், இரண்டு விதமான தோல்வி

நிலையான திறந்த லூப்புக்குப் பழகிய கைக்கு, சந்தேகம் வந்தால் கெயினைக் குறைக்கும் பழக்கம் உண்டு. இங்கே அது பந்தைக் கீழே போடும் வழி. K = 4இல் மேல்நோக்கி 19/4 = 4.75 மடங்கு, அதாவது 13.5 டெசிபெல் இடம் இருக்கிறது. கீழ்நோக்கி 4 மடங்கு, 12 டெசிபெல். கெயின் மார்ஜின் என்று ஒரே எண்ணை எழுதி முடிப்பவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும் என்றுதான் 1க்கும் 19க்கும் பெருக்கல் சராசரியான 4.36க்கு அருகில் 4ஐத் தேர்ந்தோம்.

தோல்வியின் முகமும் வேறு. மேல் எல்லையில் −1ஐத் தொடும் புள்ளி ω = 346இல் இருக்கிறது. பந்து ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸில் அதிரத் தொடங்கும். அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலுக்கு அருகில் இருப்பதால் சென்சார் கேபிளைச் சந்தேகித்து நேரம் போவதுண்டு. கெயினைச் சற்றுக் குறைத்ததும் அடங்கினால் அது லூப். மின்சார இரைச்சல் அப்படி அடங்காது. கீழ் எல்லையில் −1ஐத் தொடுவது ω = 0 புள்ளி. அங்கே அதிர்வே கிடையாது. K = 0.9 என்றால் மூடிய லூப்பின் ஒரு மெய்ப்போல் சுமார் +6இல் இருக்கும். பந்து ஓசையின்றி ஒரு பக்கமாக நகர்ந்து, காந்தத்தில் ஒட்டும் அல்லது விழும்.

K எதனால் குறையும்? நம் விசை மாதிரியில் அமைப்பின் நிலைக்கெயின் x₀/i₀; i₀ என்பது பந்தைச் சமநிலையில் தாங்கும் மின்னோட்டம். இடைவெளியை மாற்றினால் தேவையான மின்னோட்டமும் அதே விகிதத்தில் மாறுவதால் அது அசையாது; ஆனால் நிறை கூடினால் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். பந்தில் சுமையைக் கட்டி எடை நான்கு மடங்கானால் K பாதியாகும். இதைவிட அடிக்கடி நேர்வது பெருக்கியின் உச்சவரம்பு. பெரிய தள்ளல் ஒன்றுக்குப் பெருக்கி தன் எல்லையை முட்டினால் செயல்படும் கெயின் குறைந்ததற்குச் சமம். வளைவு முழுவதும் ஆதிப்புள்ளியை நோக்கிச் சுருங்கி, −K புள்ளி −1ஐத் தாண்டி வலப்புறம் வந்துவிடும். சிறு தட்டுகளைத் தாங்கிய மிதவை ஒரு பலத்த தட்டில் மீளாமல் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றித் தொடங்க முடியாததும் இதனால்தான்.

ஃபேஸ் மார்ஜின் ω = 115இல் 34.4°. அதைத் தாமதமாக மாற்றினால் 0.60 / 115 ≈ 5.2 மில்லிவினாடி. 1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் கட்டுப்படுத்தியில் கணக்கீட்டுக்கு ஒரு சுழற்சி, நிறுத்திவைப்புக்கு அரைச் சுழற்சி என 1.5 மில்லிவினாடி போகும். மார்ஜினில் சுமார் 10° கரையும். வளைவு −1க்கு மிக அருகே வருவது ω = 150ஐ ஒட்டி, 0.52 தூரத்தில். கெயினும் ஃபேஸும் சேர்ந்து பிசகும்போது நம்மைக் காப்பது இந்த எண்தான். தனித்தனி மார்ஜின்களைவிட இதையே நான் முதலில் பார்ப்பேன்.

## படி 5: தொகையீடு சேர்த்தால் வரும் முடிவிலி வில்

L(0) = −4 என்றால் நிலைப்பிழை 1/(1 − 4): கட்டளையில் மூன்றில் ஒரு பங்கு பிழை, அதுவும் எதிர்க்குறியோடு. இதை நீக்க (s + 4)/s என்ற பி.ஐ. பகுதியைச் சேர்ப்போம். இப்போது ஆதிப்புள்ளியிலேயே ஒரு போல். பயணப்பாதை அதன் மேல் போக முடியாது; சிறு அரைவட்டமாக வலப்புறம் விலகிப் போக வேண்டும். அப்படி விலகினால் அந்தப் போல் உள்ளே அகப்படாது; P = 1 ஆகவே இருக்கும்.

அந்தச் சிறு அரைவட்டத்தில் s = εe^(jθ), θ −90°இலிருந்து +90°க்கு. அங்கே L ≈ −16/(εe^(jθ)). அதன் கோணம் 180° − θ. ஆகவே அது 270°இல் தொடங்கி, 180° வழியாக, 90°இல் முடிகிறது: அடியிலிருந்து இடப்புறமாக மேலே செல்லும், வலஞ்சுழியான மாபெரும் அரைவட்டம். L(s)இன் குறியைப் பார்க்காமல், பழக்கப்பட்ட ஒற்றைத் தொகையீட்டு அமைப்பில் போல வலப்புறமாக வில்லை வரைவதுதான் இந்தத் தலைப்பிலேயே மிகச் சாதாரணமான பிழை. நம் L அடிப்படையில் எதிர்க்குறியோடு தொடங்குவதால் வில் இடப்புறம் போகிறது.

ω > 0 பாதி இப்போது மேலே, +j∞ பக்கமிருந்து இறங்குகிறது. ω ≈ 16.5இல் −3.7ஐ மேலிருந்து கீழாக வெட்டி, −1க்கு அடியால் போய், ω ≈ 342இல் −0.22ஐ வெட்டி, முன்போல் முடிகிறது. கதிரில் எண்ணினால்: −3.7இல் ஜோடியோடு +2. முடிவிலி வில் கதிரைக் கீழிருந்து மேலாக வெட்டுவதால் −1. N = 1, Z = 0.

வில்லை வலப்புறம் வரைந்திருந்தால் N = 2, Z = −1 என்று வந்திருக்கும். போல்களின் எண்ணிக்கை எதிரெண்ணாக இருக்க முடியாது. Z < 0 வந்தால் வில், P, திசை மரபு என்ற மூன்றில் ஒன்று தவறு. அந்த வலப்புற வில்லும் முற்றிலும் பொய்யானதல்ல: சிறு அரைவட்டத்தை இடப்புறமாக விலக்கினால் அதுதான் வரும். அப்போது ஆதிப்புள்ளிப் போல் உள்ளே அகப்பட்டு P = 2 ஆகும்; N = 2, Z = 0. எந்தப் பக்கம் விலகினாலும் விடை ஒன்றே. ஒரு பக்கத்தின் வில்லையும் மறுபக்கத்தின் Pஐயும் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

தொகையீட்டுக்கு விலை உண்டு. K வரம்பு சுமார் 1.08 முதல் 18.5 வரை என்று இருபுறமும் சுருங்கியிருக்கிறது. s + 4இல் உள்ள 4 என்ற எண்ணைக் கூட்டக்கூட, இடப்புற வெட்டுப்புள்ளி −1ஐ நோக்கி வலப்புறம் நகரும். அது −1ஐத் தாண்டினால் கதிரில் மிஞ்சுவது வில்லின் −1 மட்டும்: N = −1, Z = 2. அப்போது வரும் அதிர்வு 55 ஹெர்ட்ஸைவிடத் தெளிவாகக் குறைந்த அதிர்வெண்ணில் இருக்கும்.

## படி 6: எண்ணியதைக் கணினியில் ஒத்துப்பாருங்கள்

தொகையீடு இல்லாத அமைப்புக்கு:

```python
import numpy as np
K = 4
n = K*np.array([1/50, 1])
d = np.polymul([1/1600, 0, -1],
               np.polymul([1/400, 1], [1/400, 1]))
s = 1j*np.logspace(-2, 5, 20000)
L = np.polyval(n, s)/np.polyval(d, s)
f = np.unwrap(np.angle(1 + L))
print("N =", (f[-1] - f[0])/np.pi)
print(np.roots(np.polyadd(d, n)))
```

1 + Lஇன் கோணம் நேர் அதிர்வெண் பாதியில் எவ்வளவு திரும்புகிறது என்பதை இது அளக்கிறது. மறுபாதியும் அவ்வளவே என்பதால் 2πக்குப் பதில் πஆல் வகுத்தால் N கிடைக்கும். Kக்கு 0.8, 4, 24 கொடுத்தால் N ஏறத்தாழ 0, 1, −1 வர வேண்டும். கடைசி வரி அச்சிடும் மூலங்களில் நேர்மெய்ப்பகுதி உள்ளவை முறையே 1, 0, 2 இருக்க வேண்டும். பி.ஐ. பகுதியைச் சேர்த்து ஓட்டினால் N இடத்தில் 1.5 வரும். அது பிழையல்ல: நிரல் முடிவிலி வில்லைப் பார்ப்பதில்லை. வலஞ்சுழி அரைச்சுற்றுக்கு 0.5ஐக் கழித்தால் 1. படம் வரைந்து தரும் மென்பொருள்களும் பல இந்த வில்லைக் காட்டாமல் விட்டுவிடும். ஆதிப்புள்ளியில் போல் இருக்கும்போது திரையில் தெரியும் வளைவு மூடியிருக்கிறதா என்று பார்த்து, மூடவில்லையென்றால் அதை நீங்களே வரைந்து மூடிய பிறகு எண்ணுங்கள்.